நோட்டைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யூ.கே.ஜி., ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை இருப்பவர்கள் காபி டம்ளரோடு உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் என் அண்ணன் மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். அவள் பையன் ஒண்ணாம் வகுப்பு. சாயங்காலம் ஆறு மணி ஆனால் அந்த வீட்டில் அழுகை. தினமும் இரண்டு பக்கம் எழுதி வர வேண்டுமாம். அன்றைக்கு 'ப'. பயல் பாதிப் பக்கம் எழுதிவிட்டு, "பாட்டி, கை வலிக்குது" என்று என் மடியில் வந்து படுத்துக்கொண்டான். "இதே தினம் நாடகம் அத்தை, எழுத்து நல்லாத்தான் இருக்கு, சோம்பேறித்தனம்" என்றாள் அவன் அம்மா. நோட்டை வாங்கிப் பார்த்தேன். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தின் பின்புறத்தை விரலால் தடவினேன். ஒவ்வொரு கோடும் புடைத்துக்கொண்டு நின்றது. அவ்வளவு அழுத்தம். அப்புறம் அவனை இன்னும் நாலு 'ப' எழுதச் சொல்லி, இந்தத் தடவை நோட்டைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன்.

இடது பக்கம் மேலிருந்து ஒரு கோடு. பென்சிலைத் தூக்கினான். வலது பக்கம் மேலிருந்து இன்னொரு கோடு. மறுபடி தூக்கினான். கீழே வலமிருந்து இடமாக ஒரு கோடு இழுத்து மூடினான். மூன்று குச்சிகளை அடுக்குவதுபோல் அடுக்கிவிட்டான். அது 'ப' எழுதுவதல்ல, 'ப' படம் வரைவது. ஆசிரியர் சிவப்பு மையில் 'குட்' போட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது நோட்டு திருத்துகிறவருக்கு நோட்டு மட்டும்தான் தெரியும்.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பீர்கள். தமிழ் எழுத்துகளில் பெரும்பாலானவை கையை எடுக்காமல் ஒரே ஓட்டத்தில் வருபவை. மேலிருந்து இறங்கி வலப்பக்கம் திரும்பினால் 'ட'. அதே கோட்டை நிறுத்தாமல் மேலே தூக்கினால் 'ப'. தூக்கிய இடத்தில் நிறுத்தாமல் உள்பக்கம் வளைத்து இறக்கினால் 'ம'. அதனால்தான் நாங்கள் 'அ'வில் தொடங்காமல் ட, ப, ம என்று தொடங்குவோம். 'அ'வில் எத்தனை சுழிவு, எத்தனை வளைவு! ஐந்து வயதுக் கைக்கு அது மலை. சொல்லும்போது அ, ஆ என்று சொல்லட்டும், பாடட்டும். எழுதும் வரிசை வேறு.

'ப'வின் வலது காலை மேலிருந்து கீழாகப் போட்டுப் பழகிய பிள்ளைக்கு 'ம' வராது. வளைவு மேலே தொடங்க வேண்டிய நேரத்தில் அவன் கை கீழே நிற்கும். அதையும் துண்டு துண்டாக ஒட்டுவான். ஒண்ணாம் வகுப்பில் யாருக்கும் தெரியாது. மூன்றாம் வகுப்பில் 'சொல்வதை எழுதுதல்' வரும்போது மற்றவர்கள் வாக்கியத்தை முடித்திருப்பார்கள், இவன் பாதியில் நிற்பான். மெத்தனம் என்று திட்டு வாங்குவான்.

பழகிய கையைத் திருப்புவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் துதிக்கை போட்டுத்தான் எழுதுவோம். பள்ளிப் படிப்பு முழுக்க நான் எழுதியது அந்தத் துதிக்கை. ஆசிரியர் பயிற்சியில் கரும்பலகை எழுத்துக்கு நிற்கும்போது புத்திக்குப் புது 'லை' தெரியும், கை தானாகத் துதிக்கையைத் தூக்கும். எழுதி அழித்து, எழுதி அழித்து, மாறுவதற்கு மாதங்கள் ஆயின. இப்போதுகூட மளிகைச் சாமான் லிஸ்ட் அவசரமாக எழுதினால் 'வெல்லம்' சரியாக வரும், 'கடலை'யில் துதிக்கை எட்டிப் பார்க்கும். கை கற்றதை எளிதில் மறக்காது. அதனால் முதல் தடவை எப்படி எழுதுகிறான் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

சரி, கை வலிக்கு வருகிறேன். பயல் பெரியவர்கள் சாப்பிடும் மேசையில் உட்கார்ந்திருந்தான். மேசை அவன் நெஞ்சு உயரம். கால் அந்தரத்தில் ஆடுகிறது. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கிறது. இப்படி உட்கார்ந்தால் பாதி பலம் விழாமல் இருப்பதற்கே போய்விடும். அண்ணன் வீட்டுப் பழைய மணைப்பலகையைத் தேடி எடுத்துக் காலடியில் வைத்தேன், போதவில்லை. அதன் கீழே இரண்டு பழைய டைரக்டரி. பாதம் முழுதாகப் பதிந்தது. உட்காரும் இடத்தில் ஒரு கெட்டித் தலையணை. இப்போது முழங்கை மடங்கும் உயரத்துக்கு மேசை வந்தது. இடது கை சும்மா தொங்காமல் நோட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நோட்டின் வலது மேல்மூலை சற்றே தூக்கலாக இருக்கட்டும். நேராக வைத்தால் மணிக்கட்டை முறுக்குவான்.

அடுத்தது பிடி. கட்டை விரலைப் பென்சிலுக்கு மேலே சுற்றிப் போட்டு, ஆள்காட்டி விரலின் முதல் கணு உள்பக்கம் ஒடிகிற மாதிரி அமுக்கிப் பிடித்திருந்தான். நகம் வெளுத்துப்போயிருந்தது. வலிக்காமல் என்ன செய்யும்? கட்டை விரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் கிள்ளுவதுபோல் பிடிக்க, நடுவிரலின் பக்கவாட்டில் பென்சில் சாய்ந்திருக்க வேண்டும். முனையிலிருந்து இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி. இதை வாயால் சொன்னால் பிள்ளைக்குப் புரியாது. பென்சிலை அவனுக்கு எதிரே, முனை அவனைப் பார்க்கும்படி வையுங்கள். முனைக்குக் கொஞ்சம் மேலே இரண்டு விரலால் கிள்ளி எடுக்கச் சொல்லுங்கள். மறு கையால் பென்சிலின் வால் பக்கத்தைப் பிடித்துப் பின்னால் சாய்த்தால் தானாக நடுவிரலில் போய்ப் படுத்துக்கொள்ளும். மிச்சம் இரண்டு விரல் சும்மா இராது, வந்து ஒட்டும். அதற்கு என் பழைய வைத்தியம் புளியங்கொட்டை. மோதிர விரலும் சுண்டு விரலும் ஒரு கொட்டையை உள்ளங்கையில் பொத்திக்கொள்ளட்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொட்டை வேண்டாம், சின்ன துணித்துண்டு போதும்.

இன்னொன்று, புதுப் பென்சிலைப் பாதியாக ஒடித்துச் சீவிக் கொடுங்கள். குட்டிப் பென்சிலை முஷ்டியால் பிடிக்க இடமிருக்காது. சிலேட்டுக் குச்சி எப்போதும் ஒடிந்த துண்டாகவே நம் கைக்கு வரும், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்தில் பாதிப் பிள்ளைகளுக்குப் பிடி தானாகச் சரியாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இரண்டு பக்க வீட்டுப்பாடத்தைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அது கெடுதல். எந்த நோட்டை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். முதல் வரி ஆசிரியர் எழுதியதுபோல் இருக்கும். மூன்றாவது வரியில் பிள்ளை மேலே இருக்கும் மாதிரியைப் பார்ப்பதில்லை, தான் எழுதிய முந்தின வரியைப் பார்த்து எழுதுகிறான். அதில் இருந்த கோணல் இதில் கூடும். பத்தாவது வரியில் 'ப' சாய்ந்து படுத்திருக்கும். ஆக, அந்தப் பக்கத்தில் அதிகமாகப் பயிற்சி ஆனது எது? கோணல்தான்.

நாங்கள் செய்தது பத்து நிமிடம். கடிகாரம் வைத்துப் பத்தே நிமிடம். முதலில் தாம்பாளத்தில் பரப்பிய ரவையில் விரலால் பெரிதாக ஐந்தாறு 'ப'. "இறங்கு, திரும்பு, ஏறு" என்று அவனே சொல்லிக்கொண்டு எழுத வேண்டும். பிறகு சிலேட்டில் உள்ளங்கை அளவில் நாலைந்து. கடைசியில் இரட்டைக்கோடு நோட்டில் மூன்று வரி, வரிக்கு நாலு எழுத்து. ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் நான் அவன் கண்ணெதிரே ஒன்று எழுதிக் காட்டுவேன். ரப்பர் கிடையாது. முடிந்ததும் பன்னிரண்டில் எது அழகு என்று அவனே தேடி வட்டம் போடுவான். ஒருநாள் நான் நல்லது என்று நினைத்ததை விட்டு இன்னொன்றுக்கு வட்டம் போட்டான். "ஏண்டா?" என்றேன். "இது எழுதும்போது தூக்கவே இல்ல பாட்டி" என்றான்.

நாலாம் நாள் 'ப' ஒரே ஓட்டத்தில் வந்தது. நான் ஊருக்குத் திரும்பிய பிறகு அவன் அம்மா தொடர்ந்தாள். தினமும் ஒரு நிமிட வீடியோ எனக்கு அனுப்புவாள், அவன் முகம் வேண்டாம், கை மட்டும். மூன்றாம் வாரம் 'ம' வந்துவிட்டது. பக்கத்தின் பின்புறம் வழவழப்பாகிவிட்டது. பிடி மட்டும் களைத்தால் பழையபடி திரும்புகிறது. அதற்கு இன்னும் நாளாகும். பள்ளி ஆசிரியையிடம் அவள் பக்குவமாகப் பேசினாள். இரண்டு பக்கத்துக்குப் பதில் அரைப் பக்கம் போதும் என்று ஒப்புக்கொண்டாராம்.

எல்லாப் பிள்ளைக்கும் இது போதும் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் வகுப்பு முடிந்தும், வாயால் கடகடவென்று சொல்லும் பிள்ளைக்கு எழுத்து மட்டும் வரவில்லை என்றால், அடிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதேபோல் மூன்று, நாலு வயதில் பென்சிலே வேண்டாம். வேர்க்கடலை உரிக்கட்டும், பூ கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கட்டும், வாசலில் கோலப்பொடியை இஷ்டத்துக்கு இறைக்கட்டும். விரலுக்குப் பலம் அங்கிருந்துதான் வரும்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இடது கையால் எழுதும் ஒரு பெண் பிள்ளை என் வகுப்பில் இருந்தாள். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குச்சியை வலது கைக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஒருநாள் இடது கையில் லேசாக அடித்தும் விட்டேன். அந்த வருடம் முழுக்க அவள் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் என்னிடம் காட்ட வருவாள். இடது கைப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதெல்லாம் நோட்டை உடம்பின் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் தள்ளி, இடது மேல்மூலை தூக்கலாக வைப்பது. எழுதியது தனக்கே தெரியும்படி பென்சிலை இன்னும் கொஞ்சம் மேலே பிடிக்கச் சொல்வது. பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைப்பது, பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. இதை நான் கற்றுக்கொண்டபோது அவள் எப்போதோ வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

அவள் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறாளா தெரியாது. பார்த்தால், அம்மா, டீச்சரை மன்னித்துவிடு. இப்போது எந்தக் கையால் எழுதுகிறாய் என்று மட்டும் கீழே ஒரு வரி போடு.