தின்று தின்று இளைத்த ராஜா

கிள்ளானில் இருக்கும் சித்தி வீட்டுக்கு இந்த வருடத் தொடக்கத்தில் போயிருந்தேன். கேட்டைத் திறந்ததும் ஓடி வந்த நாயைப் பார்த்து ஒரு நிமிடம் அடையாளம் தெரியவில்லை. இரண்டு வயது ஜெர்மன் ஷெப்பர்ட். பெயருக்கு ஏற்ற மாதிரி ராஜா போலவே திரிந்தவன். அன்று விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தான். நான்கு மாதங்களில் 31 கிலோவிலிருந்து 24 கிலோவுக்கு இறங்கிவிட்டானாம்.

"சாப்பாடு போடறதே இல்லையான்னு பக்கத்து வீட்டு அம்மா கேட்டுட்டாங்கடா" என்றார் சித்தி. கண் கலங்கியிருந்தது.

உண்மை என்னவென்றால், அந்தத் தாமானிலேயே அதிகம் சாப்பிட்ட நாய் அவன்தான். ஒரு நாளைக்கு மூன்று வேளை. போதாததற்குக் குப்பைத் தொட்டியைக் கவிழ்ப்பது, பூனைச் சாப்பாட்டைத் திருடுவது, ஏன், தன் மலத்தையே தின்பது வரை போய்விட்டது. சித்தி இரண்டு முறை பூச்சி மருந்து கொடுத்தார். உணவு பிராண்டை மூன்று தடவை மாற்றினார். கோழியும் சோறும் வேகவைத்துப் போட்டார். எதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது எடையைப் பற்றி இல்லை, மலத்தைப் பற்றி. "அதிகமா, வெளிறிப்போய், எண்ணெய்ப்பசையோட போறானா?" ஆமாம், மாட்டுச் சாணி மாதிரி ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. வயிறு சத்தம் போடுகிறது, வாயு நாற்றம், ரோமம் பொலிவில்லை. பூச்சிக்கும் ஜியார்டியாவுக்கும் மலப் பரிசோதனை, வழக்கமான இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்தார். எல்லாமே சரியாக இருந்தன. இந்த நோயில் ஏமாற்றுவதே அதுதான். சாதாரண இரத்த முடிவு பெரும்பாலும் எந்தக் குறையும் காட்டாது.

கணையம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று இன்சுலின் சுரப்பது, அது நமக்குத் தெரியும். இன்னொன்று, கொழுப்பு, மாவு, புரதம் மூன்றையும் உடைக்கும் என்சைம்களைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது. ராஜாவுக்குக் கெட்டுப்போனது இந்த இரண்டாவது வேலை. ஜெர்மன் ஷெப்பர்டு, ரஃப் கோலி போன்ற இனங்களில் இந்த என்சைம் சுரக்கும் செல்கள் இளம் வயதிலேயே மெல்ல மெல்ல அழிந்துவிடுவது உண்டு. கணையத்துக்குக் கையிருப்பு அதிகம். கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு செல்கள் போன பிறகுதான் அறிகுறியே தெரியும். அதற்குப் பிறகு தட்டில் எவ்வளவு போட்டாலும் அது உடைபடாமல் வெளியே போகிறது. உடம்பு பட்டினி கிடக்கிறது, மூளை "சாப்பிடு, சாப்பிடு" என்று விரட்டுகிறது. அவனை நாங்கள் பேராசைக்காரன் என்று திட்டியதை நினைத்தால் எனக்கு இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனைக்கு டி.எல்.ஐ. என்று பெயர். டிரிப்சின் என்ற புரதம் உடைக்கும் என்சைமைக் கணையம் செயல்படாத நிலையில்தான் தயாரிக்கிறது. இல்லையென்றால் அது கணையத்தையே தின்றுவிடும். அந்தச் செயல்படாத டிரிப்சினில் சிறிதளவு எப்போதும் இரத்தத்தில் கசியும். அதைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. தெருமுனைப் பலகாரக் கடையில் அடுப்பு எரிந்தால் வாசனை நம் வீடு வரை வரும் அல்லவா? வாசனையே வரவில்லை என்றால் உள்ளே யாரும் சமைக்கவில்லை என்று அர்த்தம். இதுவும் அப்படித்தான்.

இரத்தம் எடுப்பதற்கு முன் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் நாய் பட்டினி இருக்க வேண்டும். பசியிலேயே வாழும் நாயை இரவு முழுக்கப் பட்டினி போடுவது என்றால் என்ன என்று சித்தியைக் கேளுங்கள். அவன் சமையலறைக் கதவைப் பிறாண்ட, அவர் அதன் மறுபக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பரிசோதனை நாய்களுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், மனிதர்களுக்கான கிட் சரிவராது. மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆனது.

லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால், அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, நோய் உறுதி. ராஜாவுக்கு வந்தது 1.1. அதற்கு மேலே, இயல்பு அளவுக்கும் கீழே, ஒரு சந்தேக எல்லை இருக்கிறது. அதில் விழும் நாய்களுக்குச் சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதிப்பார்கள்.

இல்லாததை வெளியிலிருந்து கொடுப்பதுதான் சிகிச்சை. பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த என்சைம் பொடி. தொடக்க அளவு, பத்து கிலோ எடைக்கு ஒரு டீஸ்பூன், ஒவ்வொரு வேளைக்கும். ராஜாவுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, வேளைக்குச் சுமார் இரண்டரை டீஸ்பூன். பொடி வயிற்று அமிலத்தில் ஓரளவு வீணாகும் என்பதால்தான் அளவு இவ்வளவு தாராளம். மேல்பூச்சு போட்ட மாத்திரைகளைவிடப் பொடியே நன்றாக வேலை செய்கிறது.

முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. சித்தி இடிந்துபோய் எனக்குப் போன் செய்தார். "எப்படிக் கலக்கிறீங்க சித்தி?" என்று கேட்டேன். சுடச்சுடச் சோறும் கோழிச் சாறும் ஊற்றி, அதன் மேல் பொடியைத் தூவினாராம். அங்கேதான் தப்பு நடந்திருக்கிறது. என்சைம் ஒரு புரதம், சூடு பட்டால் செத்துவிடும். ஆறிய உணவில், ஒவ்வொரு துணுக்கிலும் ஒட்டுமாறு நன்றாகப் பிசைந்து கொடுக்கத் தொடங்கினார். ஐந்தாவது நாள் மலம் கெட்டியாகியிருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக நாயின் மலத்தைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் ஆளும் நான்தான்.

இன்னும் இரண்டு விஷயம் நடந்தது. வயிறு சரியானாலும் எடை ஏறவில்லை. பி12 அளவு பார்த்ததில் மிகக் குறைவு. நாய்களில் பி12ஐ உறிஞ்சத் தேவையான பொருளைத் தருவதும் பெரும்பாலும் கணையம்தான். அது படுத்துவிட்டால் பி12ம் போகும், என்சைம் மட்டும் கொடுத்துப் பயனில்லை. வாரம் ஒரு ஊசி, ஆறு வாரம். அதன் பிறகுதான் தராசு நகர்ந்தது. இரண்டாவது, ஒருநாள் ஈறிலிருந்து இரத்தம் கசிந்தது. பொடி வாயில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். மருத்துவர் சொன்னபடி அளவைச் சற்றுக் குறைத்து, உணவில் தண்ணீர் கூட்டியதும் நின்றது. இவ்வளவு செய்தும் தேறாத நாய்களுக்குக் குடலில் பெருகிய பாக்டீரியாவுக்கு மருந்து தருவார்கள். ராஜாவுக்கு அது தேவைப்படவில்லை.

சித்தி வீட்டில் பன்றி இறைச்சி சமையலறைக்குள் வராது. பொடி டப்பாவைக் கொல்லைப்புற அலமாரியில், தனிக் கரண்டியோடு வைத்திருக்கிறார். பசாரில் பச்சைக் கணையம் மலிவாகக் கிடைக்குமே என்று யாரோ சொன்னார்கள். பச்சைக் கணையமும் வேலை செய்யும், உறையவைத்தும் பயன்படுத்தலாம். ஆனால் பச்சைப் பன்றிப் பாகங்களில் அவ்ஜெஸ்கி என்ற நோய்க்கிருமி இருக்கக்கூடும், அது நாயைக் கொன்றுவிடும். மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள். பொடி ஆயுள் முழுக்க வேண்டும். மாதச் செலவைக் கணக்குப் போட்டுத்தான் சித்தப்பா தன் கைப்பேசியை இன்னும் மாற்றவில்லை.

இப்போது ராஜா 29 கிலோ. போன மாதம் ஒருவர் இவனை இனப்பெருக்கத்துக்குக் கேட்டு வந்தார், நல்ல பரம்பரை என்று. இந்த நோய் குடும்பத்தில் ஓடுவது, ஆனால் முன்கூட்டியே சொல்ல மரபணுப் பரிசோதனை கிடையாது. சித்தி முடியாது என்று சொல்லிவிட்டார். பிறகு ராஜாவோடு பிறந்த குட்டிகளை வாங்கிய மூன்று வீட்டு எண்களையும் தேடிப் பிடித்தார். அதில் ஒரு வீட்டில், "எங்க பையன் ரொம்பச் சாப்பிடறான், ஆனா ஏறவே மாட்டேங்கிறான்" என்றார்களாம். அடுத்த வாரம் அவர்கள் டி.எல்.ஐ. எடுக்கப் போகிறார்கள். இரவு முழுக்கக் கதவைப் பிறாண்டுவான், தயாராக இருங்கள் என்று சித்தி சொல்லியிருக்கிறார்.