பார்த்தெழுதிய மாணாக்கனும் நீதியின் படிகளும்

தவணைப் பரீட்சையில் மாணாக்கன் ஒருவன் அயலவன் தாளைப் பார்த்தெழுதிப் பிடிபடின், யாது தண்டனை என்பதே பாடசாலைகளில் முதலில் எழும் வினா. அதற்கு முன்னர் கேட்கவேண்டிய வினா வேறொன்று உண்டென்பது எமது கருத்து. தான் செய்தது ஏன் தவறு என்று அம்மாணாக்கன் எண்ணுகின்றான் என்பதே அவ்வினா.

சுவிற்சர்லாந்து அறிஞர் பியாஜே, சிறுவர் போளையாடும் இடங்களிற் சென்று விதிகளைப்பற்றி அவர்களை வினவி, 1932இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சிறுவர்க்குச் சொன்ன கதைகளுள் ஒன்று இது. ஒரு சிறுவன் கதவைத் திறந்தபோது அதன் பின்னே இருப்பதை அறியாமல் 15 கோப்பைகளை உடைத்தான். மற்றொருவன் தாய் இல்லாத வேளை பழப்பாகை எடுக்க ஏறி ஒரு கோப்பையை உடைத்தான். இருவருள் யார் கெட்டவன்? 15 உடைத்தவனே என்றனர் இளம்பிள்ளைகள். சற்று வளர்ந்தோர் நோக்கத்தைக் கொண்டு தீர்த்தனர். சேதத்தை எண்ணும் நிலையினின்று கருத்தை ஆராயும் நிலைக்குப் பிள்ளை படிப்படியாகவே வருகின்றது.

அமெரிக்கரான கோல்பேர்க், 1958இல் முடித்த தம் ஆய்வில் 10 முதல் 16 வயது வரையான சிறுவரை விசாரித்து இவ்வழியை மேலும் விரித்தார். பிற்காலத்தில் ஆறு படிகளாக வகுக்கப்பட்ட அவர் கொள்கையில், முதல் நான்குமே பாடசாலையில் நாம் பெரிதும் காண்பவை. அவற்றைப் பின்வரும் வழக்கிலே காணலாம்.

ஒன்பதாம் வகுப்பில் அடுத்தடுத்திருந்த இருவரின் கணித விடைத்தாள்கள் ஒத்திருக்கின்றன என வைத்துக்கொள்வோம். சரியான விடைகள் ஒத்திருத்தல் எதனையும் நிறுவாது. ஒரே கணக்கில், ஒரே வரியில், கழித்தற்குறி கூட்டற்குறியாக மாறிய அதே பிழை இருவரிடமும் இருப்பின் ஐயங்கொள்ள இடமுண்டு. எனினும் ஐயம் தீர்ப்பாகாது. இருவரையும் தனித்தனியே அழைத்து, அதே வகையான கணக்கொன்றைச் செய்விக்கவேண்டும். செய்முறை அறியாதவன் அங்கே தானாக வெளிப்படுவான்.

பின்பு, பார்த்தெழுதுதல் ஏன் தவறு எனக் கேட்போம். “பிடிபட்டால் அடி விழும்” என்பது முதற்படி. “அன்று நான் அவனுக்குக் காட்டினேன், இன்று அவன் எனக்குக் காட்டினான்” என்பது இரண்டாம்படி. “நண்பன் கேட்கும்போது மறுத்தால் என்னைப்பற்றி என்ன நினைப்பான்?” என்பது மூன்றாம்படி. “எல்லோரும் இவ்வாறு செய்தால் பரீட்சைக்கே பொருளில்லை” என்பது நான்காம்படி.

இரண்டாம்படியில் நிற்பவனுக்கு நாட்டின் ஒழுங்கைப்பற்றிப் பிரசங்கம் செய்வதாற் பயனில்லை. அவனுக்கு எட்டுவது அடுத்த படியே. “இரவிருந்து படித்து உன்னிலும் குறைந்த புள்ளி பெற்ற உன் வகுப்புத் தோழன் உன்னைப்பற்றி என்ன எண்ணுவான்?” என்று கேட்பது தகும். “நேர்மையாக எழுதிய எனக்கு ஏன் குறைந்த புள்ளி?” என அத்தோழன் முறையிட்டிருந்தால், அம்முறைப்பாட்டை அவன் வாயாலேயே இவன் கேட்கச் செய்தல் இன்னும் நன்று.

தண்டனையும் குற்றத்தோடு தொடர்புடையதாதல் வேண்டும். பார்த்தெழுதிய வினாத்தாளின் புள்ளியை நீக்கி, வேறொரு தாளைத் தனியே எழுதுவித்தல் குலைந்ததைச் சீர்ப்படுத்தும். பிரம்படி அதைச் செய்யாது; செயலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குற்றவாளியைக் காணாதபோது வகுப்பு முழுவதையும் மறித்துவைத்தல் அதனினும் தீது. குற்றமற்றவன் தண்டிக்கப்படுவதை வளர்ந்த பிள்ளைகள் அநீதி என்றே கொள்வர் என்பதைப் பியாஜேயும் கண்டார். விசாரணைக்குப் பின் மாணாக்கன் “இனிக் கவனமாக இருப்பேன்” என்றுமட்டும் சொல்வானாயின், அகப்படாதிருக்கவே அவன் கற்றான் என்று அறியலாம்.

இக்கொள்கைக்கு எல்லையும் உண்டு. கோல்பேர்க் முதலில் ஆராய்ந்தது ஆண்பிள்ளைகளையே என்பதை 1982இல் கில்லிகன் என்ற பெண்ணறிஞர் குறையாக எடுத்துக்காட்டினார். படி என்பது ஒருவன் நெற்றியில் ஒட்டும் முத்திரையுமன்று. அவனே வெவ்வேறு வழக்குகளில் வெவ்வேறாகப் பேசக்கூடும். அன்றியும், நன்றாக நியாயம் பேசுவோன் நன்றாக நடப்பான் என்பதற்கு உறுதியில்லை. 1928இல் வெளியான தம் ஆய்வில் ஹார்ட்ஷோர்ன், மே என்னும் அமெரிக்கர் இருவர் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சோதித்தபோது, ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் நேர்மையாய் நடந்ததைக் கண்டனர். சந்தர்ப்பமே பெரிதும் தீர்மானித்தது. ஆகவே இருக்கைகளைத் தள்ளிவைத்தலும், எது கூட்டு வேலை, எது தனி வேலை என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுதலும் விசாரணையிலும் முற்பட்ட கடமைகளாம்.

அக்கடமைகளைச் செய்தபின்னும் ஒருவன் தவறுவானாயின், பிரம்பை எடுக்குமுன் அவனை ஒரு வினா கேட்குமாறு ஆசிரியரையும் மாணவ தலைவரையும் வேண்டுகின்றோம். அவன் எந்தப் படியில் நிற்கின்றான் என்பதை அறியாமல், அடுத்த படியை அவனுக்குக் காட்டுதல் எவர்க்கும் இயலாது.