கோட்டில் நிற்காத மனிதர்கள்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் உரையாற்றிய அமெரிக்காவின் முன்னாள் திறைசேரிச் செயலாளர் லோரன்ஸ் சமர்ஸ் ஒரு கணக்கை முன்வைத்தார். பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அமெரிக்காவில் வேலையின்மை ஓராண்டுக்கு 10 சதவீதமாகவோ, இரண்டாண்டுகளுக்கு 7.5 சதவீதமாகவோ, ஐந்தாண்டுகளுக்கு 6 சதவீதமாகவோ இருந்தாக வேண்டும் என்பது அந்தக் கணக்கு. அப்போது அங்கு வேலையின்மை 3.6 சதவீதம். அதை 10 சதவீதத்துக்கு உயர்த்துவதென்றால் ஒரு கோடிக்கும் அதிகமானோர் புதிதாக வேலை இழக்க வேண்டும்.

அந்த ஒரு கோடி மனிதர்கள் எந்தச் சூத்திரத்திலிருந்து பிறந்தார்கள் என்று கேட்பதற்குப் பொருளியல் பட்டம் தேவையில்லை. சமர்ஸின் மூன்று தெரிவுகளையும் சற்று உற்றுப் பாருங்கள். 10இலிருந்து 5ஐக் கழித்து ஓராண்டால் பெருக்கினால் 5. 7.5இலிருந்து 5ஐக் கழித்து இரண்டால் பெருக்கினாலும் 5. 6இலிருந்து 5ஐக் கழித்து ஐந்தால் பெருக்கினாலும் அதே 5. ஆக, சொல்லப்பட்டவை மூன்று தெரிவுகள் அல்ல. ஒரே நேர்கோட்டின் மூன்று புள்ளிகள். 5 சதவீதம் என்ற ஓர் எல்லை உண்டு, அதற்கு மேல் வேலையின்மை எவ்வளவு உயர்கிறதோ அந்த அளவுக்குப் பணவீக்கம் மாறாத விகிதத்தில் இறங்கும் என்பதே அக்கோட்டின் பொருள்.

இந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஏ. டபிள்யூ. பிலிப்ஸ், பிரித்தானியாவின் 1861 முதல் 1957 வரையான தரவுகளைக் கொண்டு, வேலையின்மை குறைந்த ஆண்டுகளில் கூலி வேகமாக உயர்ந்ததையும், வேலையின்மை கூடிய ஆண்டுகளில் அவ்வுயர்வு மந்தமானதையும் 1958இல் எடுத்துக்காட்டினார். ஈராண்டுகள் கழித்துச் சாமுவேல்சனும் சோலோவும் இதை அமெரிக்காவின் விலைவாசிக்குப் பொருத்தினார்கள். இந்தத் தொடர்பு காலப்போக்கில் இடம்பெயரக்கூடும் என்ற எச்சரிக்கையும் அவர்களது கட்டுரையிலேயே இருந்தது. ஆனால் அரசியல்வாதிகளின் காதில் எச்சரிக்கை விழவில்லை, கோடு மட்டுமே கண்ணில் பட்டது.

சிதறிக் கிடக்கும் புள்ளிகளுக்கிடையே மிகக் குறைந்த பிழையுடன் ஒரு கோட்டைப் பொருத்தும் முறையைப் புள்ளிவிபரவியலில் பிற்செலவு என்பார்கள். அது எப்படி ஏமாற்றும் என்பதை எளிமைக்காக இரண்டே புள்ளிகளைக் கொண்டு பார்ப்போம். அமெரிக்காவில் 1961இல் வேலையின்மை 6.7 சதவீதம், பணவீக்கம் 1 சதவீதம். 1969இல் வேலையின்மை 3.5, பணவீக்கம் 5.5. இவ்விரு புள்ளிகளையும் இணைத்தால், வேலையின்மை ஒரு புள்ளி உயரும்போது பணவீக்கம் ஏறத்தாழ 1.4 புள்ளி குறைகிறது. இனி 1975க்கு வருவோம். அவ்வாண்டு வேலையின்மை 8.5 சதவீதம். நமது கோட்டின்படி விலைகள் 1.5 சதவீதம் வீழ்ந்திருக்க வேண்டும். உண்மையில் அவை 9.1 சதவீதம் உயர்ந்தன. பத்துப் புள்ளிகளுக்கும் மேற்பட்ட பிழை!

எண்ணெய் விலையேற்றம் இதில் ஒரு பகுதியை விளக்கும். ஆனால் ஆழமான காரணத்தை மில்டன் பிரீட்மனும் எட்மண்ட் பெல்ப்சும் 1960களின் இறுதியிலேயே சொல்லிவிட்டார்கள். தொழிலாளி கூலி பேசும்போதும் வணிகர் விலை குறிக்கும்போதும் வரும் ஆண்டில் விலைவாசி எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பு உயர்ந்தால் கோடு முழுவதுமே மேலே நகரும். ஆகவே சூத்திரம் திருத்தப்பட்டது: பணவீக்கம் என்பது எதிர்பார்க்கப்படும் பணவீக்கம், அதிலிருந்து, வேலையின்மை அதன் 'இயற்கை' வீதத்தைத் தாண்டும் அளவின் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும்.

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. எதிர்பார்ப்பு மனிதர் மனதிலிருப்பது. அதை எந்தப் புள்ளிவிபரத் திணைக்களமும் எண்ண முடியாது. எனவே அதன் இடத்தில் ஒரு பதிலியை நிறுத்துகிறார்கள். மிக மலிவான பதிலி, கடந்த ஆண்டின் பணவீக்கம். நேற்று நடந்ததையே மக்கள் நாளையும் எதிர்பார்ப்பார்கள் என்ற அனுமானம் அது. எழுபதுகளுக்கு இது ஓரளவு பொருந்தியது. 1974இல் 11 சதவீதமாக இருந்த பணவீக்கம், உயர்ந்த வேலையின்மையின் கீழ், 1975இல் 9.1 ஆகவும் 1976இல் 5.8 ஆகவும் இறங்கியது.

அதே பதிலியை 2008க்குப் பிந்திய காலத்துக்குப் பொருத்திப் பாருங்கள். பாடநூல்களில் வழக்கமாகக் காணப்படுவது போல, இயற்கை வீதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் பணவீக்கம் ஆண்டுக்கு அரைப் புள்ளி குறையும் என்றும், இயற்கை வீதம் 5 என்றும் கொள்வோம். 2009 முதல் 2012 வரை வேலையின்மை முறையே 9.3, 9.6, 8.9, 8.1 சதவீதம். 5க்கு மேற்பட்டவற்றைக் கூட்டினால் 15.9, அதில் பாதி ஏறத்தாழ 8. உணவையும் எரிபொருளையும் நீக்கிய பணவீக்கம் 2008இல் 2.3 சதவீதமாக இருந்தது. ஆகவே 2012இல் அது பூச்சியத்துக்குக் கீழே 5 புள்ளிக்கும் அதிகமாக இறங்கியிருக்க வேண்டும். அது 2010இல் 1 சதவீதம் வரை இறங்கி, 2012இல் 2.1க்குத் திரும்பிவிட்டது.

நடந்ததென்ன? ஒரு சாரார், மத்திய வங்கியின் மீது நம்பிக்கை வேரூன்றிவிட்டதால் மக்கள் நேற்றைய விலையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள் என்றார்கள். தொழில்முறை எதிர்வுகூறுநர்களின் நீண்டகால மதிப்பீட்டைப் பதிலியாகக் கொண்டால் கணக்குச் சரிவரும் என்றார்கள். கொய்பியனும் கொரொட்னிச்சென்கோவும் 2015இல் வேறொரு விடை தந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் குடும்பங்களிடம் நடத்தும் கருத்தாய்வைப் பதிலியாகக் கொண்டால் புதிர் தீர்ந்துவிடும் என்பது அவர்கள் முடிவு. 2009க்குப் பின் பெற்றோல் விலை ஏறியது. குடும்பங்கள் அதைக் கண்டு பணவீக்கம் கூடும் என்று எண்ணின. அதனால் விலைவீழ்ச்சி நேரவில்லை. முதலாவது விளக்கத்தின்படி எதிர்பார்ப்பு அசையாமல் நின்றது. இரண்டாவதின்படி அது எண்ணெயோடு சேர்ந்து அசைந்தது. இரண்டும் ஒரே புள்ளிவிபரத்துக்கு அழகாகப் பொருந்துகின்றன. நடந்து முடிந்த பின் பதிலியைத் தேர்ந்தெடுக்க அனுமதித்தால் எந்தக் கோடும் பொருந்தும் என்பதே இதன் பாடம்.

இதே அளவுகோலை 2022 ஜூன் மாதத்துக்குக் கொண்டுவருவோம். அன்று பணவீக்கம் 9.1, வேலையின்மை 3.6. முந்திய ஆண்டின் பணவீக்கத்தைப் பதிலியாக வைத்தால், ஓராண்டின் பின் பணவீக்கம் 9.8 ஆகியிருக்க வேண்டும். நீண்டகால எதிர்வுகூறலான ஏறத்தாழ 2.8ஐ வைத்தால் 3.5 வரும். மற்ற இலக்கங்கள் எல்லாம் ஒன்றே. பதிலி மட்டும் மாறியது. ஒரு கோடி வேலைகளின் தலைவிதி இந்த இடைவெளியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. 2023 ஜூனில் பணவீக்கம் 3 சதவீதம். வேலையின்மை அசையாமல் அதே 3.6.

இரண்டாவது பதிலியின் ஆதரவாளர்கள் இதைக் கொண்டாட அவசரப்பட வேண்டாம். ஓராண்டுக்கு முன்னர் அதே சூத்திரத்தைக் கையிலெடுத்திருந்தால், 2022 ஜூனில் 9.1 சதவீதம் வரும் என்று அது ஒருபோதும் சொல்லியிராது. சமர்ஸுக்கும் நீதி செய்ய வேண்டும். பணவீக்கம் வரும் என்று 2021இன் தொடக்கத்தில் பலர் நகைத்தபோது எச்சரித்தவர் அவர். விநியோகத் தடைகள் விலகியது அதிர்ஷ்டம் என்று அவர் தரப்பினர் வாதிடலாம்; அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த அதிர்ஷ்டத்துக்கு அவர்களின் கோட்டில் இடமே இருக்கவில்லை என்பதுதான் எனது குற்றச்சாட்டு.

கோடு நகர்வதற்குப் பதிலி மட்டும் காரணமல்ல. இயற்கை வீதம் என்பதும் அளக்கப்படுவதல்ல. அதே பிற்செலவிலிருந்து பிழிந்தெடுக்கப்படுவது. ஸ்டெய்கர், ஸ்டொக், வொட்சன் ஆகிய மூவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 1990க்கான அவ்வீதம் 95 சதவீத நம்பகத்துடன் 5.1க்கும் 7.7க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று மட்டுமே சொல்ல முடிந்தது. இந்த அகலமான வேலிக்குள் ஒரு புள்ளியைக் குத்தி, 'இதுதான் எல்லை' என்று அறிவிப்பது விஞ்ஞானமாகாது.

இன்னொரு காரணம் நுட்பமானது. காற்றுக்கு ஏற்பச் சுக்கானைத் திருப்பிப் படகை நேராகச் செலுத்தும் தண்டையலைக் கரையிலிருந்து பாருங்கள். சுக்கான் ஓயாமல் திரும்புகிறது, படகோ நேரே போகிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கரையில் நிற்பவர் முடிவு கட்டினால் தவறு யாருடையது? மத்திய வங்கி தனது வேலையைச் சரியாகச் செய்தால் பணவீக்கம் இலக்கைச் சுற்றியே நிற்கும். வேலையின்மையோடு அதற்குள்ள தொடர்பு தரவில் மறைந்துபோகும். கோடு தட்டையாகத் தோன்றும். தட்டையான கோட்டைக் கண்டு, பணவீக்கத்தை ஒரு புள்ளி குறைக்கப் பெருந்தொகையான வேலைகள் பலியாக வேண்டும் என்று கணக்கிடுபவர், தண்டையலின் திறமையைக் கடலின் இயல்பாகப் படிக்கிறார்.

ஆகவே தொடர்பே இல்லையென்று நான் சொல்லவில்லை. 1982இன் இறுதியில் அமெரிக்க வேலையின்மை 10.8 சதவீதமானது, 1980இல் 13.5 ஆக இருந்த பணவீக்கம் 1983இல் 3.2க்கு வீழ்ந்தது. ஆனால் அமெரிக்க மாநிலங்களின் தரவுகளைத் தனித்தனியே ஒப்பிட்டு 2022இல் வெளிவந்த ஹேசல், ஹெரேனோ, நாகமுரா, ஸ்டைன்சன் ஆகியோரின் ஆய்வு, அந்த வீழ்ச்சியின் பெரும்பகுதியை நீண்டகால எதிர்பார்ப்பு மாறியதோடு தொடர்புபடுத்துகிறது. வேலையின்மை நேரடியாகச் செய்த வேலை சிறியது என்கிறது. அப்படியானால் அன்று வேலை இழந்தவர்களைச் சுட்டி, 'இதுவே விலை' என்று இன்றுள்ளவர்களிடம் கேட்பது எந்த நியாயம்?

2001இல் அட்கெசனும் ஒஹானியனும் ஓர் எளிய பரீட்சை வைத்தார்கள். 1984க்குப் பிந்திய ஆண்டுகளை எடுத்து, இத்தகைய கோடுகளின் எதிர்வுகூறலை, 'அடுத்த ஆண்டும் கடந்த ஆண்டைப் போலவே இருக்கும்' என்ற வெறும் ஊகத்தோடு ஒப்பிட்டார்கள். கோடுகளால் அந்த ஊகத்தை வெல்ல முடியவில்லை. கோடு வரையப் பயன்படாத ஆண்டுகளில் அதைச் சோதிப்பதே நேர்மையான சோதனை. வரையப் பயன்பட்ட ஆண்டுகளில் எந்தக் கோடும் அழகாகத்தான் இருக்கும்.

எனவே, பணவீக்கத்துக்கு மருந்தாக இத்தனை இலட்சம் பேரின் வேலையை எழுதித்தரும் நிபுணரிடம் பத்திரிகையாளர்கள் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. மனித மனதின் எதிர்பார்ப்புக்குப் பதிலாக எதை வைத்தீர்கள், வேறொன்றை வைத்தால் உங்கள் இலக்கம் எவ்வளவு மாறும்? விடை கிடைக்கும்வரை அந்த இலக்கத்தைத் தலைப்புச் செய்தியாக்காதீர்கள். வேலை இழப்பவருக்குக் கோட்டின் பிழையெல்லை எதையும் ஈடுசெய்வதில்லை.