பழைய புகாரை அழிக்க முடியுமா?

சென்ற மாதம் கெப்பாலா பத்தாஸ் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் தாமான் அக்கா என்னை மறித்துக்கொண்டார். கையில் ஒரு போலீஸ் புகாரின் நகல். "தம்பி, நீங்க கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளரா இருந்தவரு. இதைக் கேன்சல் பண்ணிட்டு வேற எழுத முடியுமா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். அவருடைய மகன் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் பெர்தாம் பக்கம் வந்துகொண்டிருந்தான். சந்தியில் ஒரு கார் திரும்பி இடித்துவிட்டது. சாலை விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். பையன் அன்றிரவே போய்ப் புகார் கொடுத்துவிட்டான். அதில் 'முழங்காலில் சிராய்ப்பு, வேறு காயம் இல்லை' என்று இருக்கிறது. நான்காம் நாள் தோள் வலி தாங்காமல் எக்ஸ்ரே எடுத்தால் கழுத்துப்பட்டை எலும்பில் விரிசல்! காப்புறுதிக்குப் போனால் 'வேறு காயம் இல்லை' என்ற வரி குறுக்கே நிற்குமே என்பது தாயின் பயம்.

அழிக்க முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவுப்படி, வாயால் சொல்வதை எழுதி, சொன்னவருக்கே படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, பதிவேட்டில் ஏற்றுவார்கள். ஏறியது ஏறியதுதான். புகார் கொடுத்தவர் மனம் மாறி 'வாபஸ்' என்று வந்தாலும் பழையது மறைவதில்லை. அதுவும் இன்னொரு புகாராகத்தான் பதிவாகும். வழக்கை நடத்துவதா விடுவதா என்பது அரசுத் தரப்பின் முடிவு.

அதற்காகப் புதிய விவரத்தைச் சொல்ல வழியில்லை என்று அர்த்தமில்லை. கூடுதல் புகார் கொடுக்கலாம். அதற்குத் தனி எண் விழும். பழைய புகாரின் எண்ணும் தேதியும் அதன் முதல் வரியில் வர வேண்டும். நிலையத்தின் பெயர், வரிசை எண், ஆண்டு என்று நகலின் தலைப்பிலேயே இருக்கும். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம் என்றாலும், முதலில் கொடுத்த இடத்துக்கே போனால் விசாரணை அதிகாரியின் கைக்கு அது எளிதில் சேரும்.

மறுநாள் அம்மாவும் மகனும் என் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று செய்தி சொன்னான் பையன். தோள் எலும்பு விரிசல். சந்தியிலுள்ள கடையில் கேமரா இருப்பது. மூன்றாவதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கார்காரன் சிவப்பு விளக்கில் வந்தான் என்றும் சேர்க்கச் சொல்கிறார் மாமா."

"நீ பார்த்தாயா?"

"இல்லைங்க. என் பக்கம் பச்சை. அவன் விளக்கை நான் பார்க்கவில்லை."

அப்படியானால் 'என் பக்கம் பச்சை' என்பதோடு நிறுத்திக்கொள் என்றேன். நல்ல வேளையாக, அது முதல் புகாரிலேயே இருந்தது. அன்றிரவு சொல்லாத பெரிய செய்தி ஒன்று பத்து நாள் கழித்துத் திடீரென்று முளைத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக் கேட்பார். எத்தனை முறை அந்தக் கேள்வியை மலாயிலிருந்து தமிழுக்குப் பெயர்த்திருப்பேன்! சாட்சிக்கூண்டில் நிற்பவருக்கு வியர்த்துவிடும். பொய்த் தகவல் கொடுப்பதே தனிக் குற்றம் என்பது வேறு.

முதல் புகாரில் எல்லாமே இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்ப்பதில்லை. எதை, எப்போது, எப்படி அறிந்தாய் என்பதைத்தான் பார்க்கும். அதனால் ஒவ்வொரு செய்திக்கும் அந்த விவரத்தை எழுத வைத்தேன். 'அன்றிரவு முழங்கால் எரிச்சல் மட்டும் தெரிந்தது. மறுநாள் காலை கையைத் தூக்க முடியவில்லை. நான்காம் நாள் எக்ஸ்ரேயில் விரிசல் தெரிந்தது' என்று தேதிகளோடு. கேமராவை எப்போது பார்த்தான் என்பதும் அப்படியே. பழைய வரியைத் 'தவறு' என்று அவன் எழுதவில்லை. அன்றிரவு அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதானே!

கேமரா விஷயத்தில் மட்டும் அவசரப்படுத்தினேன். பல கடைகளில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அதனால் அன்றே கடைக்காரரிடம் போய்ப் பதிவை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் நிலையத்துக்குப் போ என்றேன். பதிவு இன்னும் இருந்தது.

நிலையத்தில் கான்ஸ்டபிள் மலாயில் தட்டச்சு செய்தார். முதல் முறை தான் படிக்காமலே கையெழுத்துப் போட்டதாகப் பையன் வழியில் ஒப்புக்கொண்டிருந்தான். இந்த முறை திரையில் வரிக்கு வரி படித்தான். ஓரிடத்தில் வலது தோள் என்றிருந்ததைக் கையெழுத்துக்கு முன்பே இடது என்று மாற்றச் சொன்னான். கான்ஸ்டபிளும் மாற்றிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அக்கா பழைய நகலைக் கிழிக்கப் போனார். வாங்கி, புதியதற்கு மேலே வைத்து, எக்ஸ்ரே அறிக்கையோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன். காப்புறுதிக்கு மூன்றும் ஒன்றாகப் போயிருக்கின்றன.