நாசாவே சொல்லிடுச்சாம்!

"திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள் எல்லாம் சில நொடி ஸ்தம்பிச்சு நின்னுடுதாம், நாசாவே ஆடிப்போயிடுச்சாம்." உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இது ஒருமுறையாவது வந்திருக்கும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. நின்றால் விழ வேண்டியதுதான். ப்ளஸ் டூ பிசிக்ஸ் இது. ஆனாலும் இன்ஜினியரிங் படிச்சவங்களே இதை ஃபார்வர்டு பண்றாங்க. அறிவு இல்லாமல் இல்லை, அந்த நேரத்தில் அதை யாரும் கூப்பிடவில்லை.

இதே நாம் 2023 மார்ச்சில் எப்படி இருந்தோம்? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. எந்த ஊர், எப்போது எடுத்தது, யார் போட்டது என்று உடனே கேட்டோம். கேட்டது சரிதான். ஒரு வீடியோ பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை என்று காவல்துறை விளக்கியது. ஆனால் அந்தக் கேள்விகள் வந்தது நம்மைக் குத்திய செய்தி என்பதால். பெருமை தரும் செய்திக்கு அதே கேள்விகள் வருவதில்லை.

1979-இல் ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் இதைத்தான் சோதித்தார்கள். மரண தண்டனையை ஆதரிக்கும் 24 மாணவர்கள், எதிர்க்கும் 24 பேர். எல்லோருக்கும் இரண்டு ஆய்வுகள்: ஒன்று தண்டனையால் கொலை குறைகிறது என்றது, மற்றது இல்லை என்றது. தனக்குப் பிடித்த முடிவு வந்த ஆய்வை ஒவ்வொருவரும் தரமானது என்றார்கள், மற்றதில் ஓட்டை தேடினார்கள். கடைசியில் இரு தரப்பும் தங்கள் பக்கம் இன்னும் உறுதியாகிவிட்டதாகச் சொன்னார்கள்!

1984-இல் லார்டும் லெப்பரும் எலிசபெத் பிரெஸ்டனோடு சேர்ந்து அடுத்த சோதனை செய்தார்கள். "நடுநிலையா படிங்க" என்று சொல்லிப் பார்த்தார்கள், பலன் இல்லை. ஏன்னா எல்லோரும் ஏற்கெனவே தான் நடுநிலை என்றுதானே நினைக்கிறோம்? இன்னொரு குழுவிடம், "இதே ஆய்வு எதிர் முடிவைச் சொல்லியிருந்தால் இதே மார்க் போடுவீங்களா?" என்று யோசிக்கச் சொன்னார்கள். அதற்குப் பலன் இருந்தது.

செய்திக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். திருநள்ளாறை எடுத்துவிட்டு, வேறு நாட்டில் வேறு மதத்தின் வழிபாட்டுத் தலத்தை வையுங்கள். "நாசா எங்க சொல்லுச்சு, லிங்க் எங்க?" என்று வாய் தானாகக் கேட்கும். அந்தக் கேள்வியை அப்படியே பழைய ஃபார்வர்டிடம் கேளுங்கள். நம்ம கட்சித் தலைவர் செய்திக்கு எதிர்க்கட்சித் தலைவர் பெயரைப் போட்டும் இதைச் செய்யலாம், கொஞ்சம் வலிக்கும்.

செய்தி உண்மையா பொய்யா என்று இந்தச் சோதனை சொல்லாது. எதிலெல்லாம் நாம் லிங்க்கைத் திறக்காமலே தலையாட்டினோம் என்று மட்டும்தான் காட்டும். திறந்து படிக்கும் வேலை அதற்குப் பிறகுதான்.