வெற்று வாக்கியமும் சாதிப் பெயரும்: ஒரு கல்லூரி அறிவிப்புப் பலகையைப் படித்தல்

டெல்லிக் கல்லூரிகளில் கழகத் தேர்தல் நெருங்கும்போது அறிவிப்புப் பலகையில் வரிசையாகத் தாள்கள் ஏறுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு வேட்பாளரின் தன்னறிமுகம். அதே வாசகம் அன்று மாலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கும் போகிறது. இந்த வாசகங்கள் சுத்தமானவை, கண்ணியமானவை, ‘அரசியல் கலவாதவை’ என்று ஆசிரியர்கள் பாராட்டுவதைக் கேட்டிருக்கிறேன். என் கருத்து இதற்கு நேர் எதிரானது. இந்த வாசகங்கள் எதையும் சொல்லாமல் இருப்பதால்தான் சாதியும் மாநிலமும் ஆங்கில உச்சரிப்பும் கழகத் தேர்தலைத் தீர்மானிக்கின்றன.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். பல தாள்களில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்களைக் கோத்து, ஃபிலிம் சொசைட்டியின் செயலாளர் பதவிக்கு நிற்பவர் எழுதியதுபோல் நானே அமைத்தது இது. மூலங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், தமிழில் தருகிறேன்.

“அனைவருக்கும் வணக்கம்! நான் இரண்டாம் ஆண்டு அரசியல் அறிவியல் மாணவன். சிறு வயது முதலே திரைப்படத்தின் மீது தீராத ஆர்வம் கொண்டவன். பள்ளியில் மாணவர் தலைவனாக இருந்தேன். கடின உழைப்பாளி, கூட்டு முயற்சியில் நம்பிக்கை உள்ளவன். நம் கழகத்தைப் புதிய உயரங்களுக்குக் கொண்டு செல்வேன். உறுப்பினர்களின் கருத்துகளுக்கு உரிய மதிப்பளிக்கப்படும். உங்கள் பொன்னான வாக்குகளை எனக்கே அளியுங்கள்.”

ஒரு வாக்கியம் செய்தி தருகிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதன் எதிர்மறையை வேறொரு வேட்பாளர் எழுதக்கூடுமா என்று கேட்டுப் பார்க்கலாம். “நான் சோம்பேறி” என்றோ “திரைப்படத்தில் எனக்கு ஆர்வமில்லை” என்றோ “கழகத்தைப் பழைய தாழ்வுகளுக்கே கொண்டு செல்வேன்” என்றோ எவரும் எழுதப்போவதில்லை. எவராலும் மறுத்து எழுத முடியாத வாக்கியம் ஒரு வேட்பாளரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. மேற்கண்ட மாதிரியில் இந்தச் சோதனையைத் தாண்டுபவை இரண்டே: அவர் எந்த வகுப்பு என்பதும், பள்ளியில் மாணவர் தலைவராக இருந்தார் என்பதும். இரண்டுக்கும் செயலாளரின் வேலையோடு தொடர்பில்லை.

“கொண்டு செல்வேன்” என்பது வாக்குறுதிதானே என்று கேட்கலாம். பேச்சுச் செயல்களைப் பற்றி 1969இல் ஜான் சர்ல் எழுதிய நூலில், ஒரு கூற்று வாக்குறுதியாவதற்கான நிபந்தனைகளை வகுத்தார். பேசுபவர் தாமே எதிர்காலத்தில் செய்யப்போகும் ஒரு செயலைச் சொல்லவேண்டும். கேட்பவர் அதை விரும்பவேண்டும். வழக்கமான போக்கில் அது தானாகவே நடந்துவிடும் என்பது வெளிப்படையாக இருக்கக்கூடாது. “புதிய உயரங்கள்” முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடுகிறது. அதில் செயல் எதுவும் இல்லை. ஏறிவிட்டோமா இல்லையா என்று ஆண்டு முடிவில் யாராலும் அளந்து சொல்ல முடியாது. “மதிப்பளிக்கப்படும்” என்பது அதைவிடத் தந்திரமானது. செயப்பாட்டு வினை செய்பவரையே வாக்கியத்திலிருந்து அகற்றிவிடுகிறது. மதிப்பளிப்பவர் யார்? இந்தியில் எழுதப்படும் தாள்களில் இதே வேலையைக் ‘கியா ஜாயேகா’ செய்கிறது. நம் ஊர் அலுவலகங்களில் ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் வாங்கியவர்களுக்கு இந்த இலக்கணத்தை நான் விளக்கத் தேவையில்லை. பத்தொன்பது வயது மாணவர் தம் முதல் பொது வாசகத்திலேயே அரசாணையின் வினைமுற்றைக் கற்றுக்கொள்கிறார் என்பதுதான் வருத்தம்.

இனி விளைவைப் பார்ப்போம். நான்கு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. நான்கு பேரும் உழைப்பாளிகள். நான்கு பேருக்கும் தீராத ஆர்வம். படிப்பவர் இவர்களில் ஒருவரைத் தேர்ந்தாக வேண்டும். வாசகங்கள் ஒன்றையொன்று அடித்துவிட்ட பிறகு தாளில் மிஞ்சுவது என்ன? பெயர், பெயரின் பின்னொட்டு, புகைப்படம், படித்த பள்ளி, சொந்த ஊர், ஆங்கிலத்தின் பளபளப்பு. வட இந்தியாவில் பெயரின் இரண்டாம் பாதி பெரும்பாலும் சாதியைச் சொல்லிவிடும். பள்ளியின் பெயர் வர்க்கத்தைச் சொல்லிவிடும். பின்னொட்டு இல்லாத தமிழ்ப் பெயரும், வடகிழக்கு மாணவரின் முகமும் ‘வெளியாள்’ என்று சொல்லிவிடும். வேட்பாளர் இவற்றில் எதையும் வைத்து வாக்குக் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. படிப்பவர் முடிவெடுக்க வேறெதையும் அவர் மிச்சம் வைக்கவில்லை.

பெயருக்கு எவ்வளவு விலை உண்டு என்பதைத் தேர்தலில் நிற்பவர்கள் அறிவார்கள். டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தலில், வாக்குச்சீட்டின் அகரவரிசையில் மேலே வருவதற்காகத் தம் பெயருக்கு முன் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தை ஒட்டிக்கொண்ட வேட்பாளர்கள் உண்டு. இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் கொள்கைகளால் ஒருவரை ஒருவரிடமிருந்து பிரித்தறிய முடியும் என்று நம்புகிறவர் தம் பெயரின் முதலெழுத்தில் முதலீடு செய்ய மாட்டார்.

மாணவர் தேர்தல்களுக்காக லிங்டோ குழு தந்த பரிந்துரைகளை 2006இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. வேட்பாளர் ஒருவரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது. கையால் செய்த சுவரொட்டியைக் குறித்த இடத்தில் மட்டுமே ஒட்டலாம். சாதி, மத உணர்வைத் தூண்டி வாக்குக் கேட்கக்கூடாது. பிற வேட்பாளரை விமர்சித்தால் அது அவருடைய கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு நிற்கவேண்டும். இவை மாணவர் சங்கத் தேர்தலுக்கானவை; ஆனால் கழகத் தேர்தலை நடத்தும் ஆசிரியர்களும் இவற்றின் சாயலிலேயே விதி எழுதுகிறார்கள். கடைசி விதியைச் சற்று நின்று படிக்கவேண்டும். வேட்பாளருக்குத் திட்டமும் செயல்பாடும் இருக்கும், அவை எழுத்தில் இருக்கும் என்று அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. நம் தேர்தல் அலுவலர்கள் தாளின் அளவைச் சரிபார்க்கிறார்கள். ஒட்டிய இடத்தைச் சரிபார்க்கிறார்கள். தாளில் விமர்சிக்கத்தக்க ஒரு திட்டமாவது இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. பல கல்லூரிகளில் அவர்கள் தரும் படிவமே ‘பெயர், வகுப்பு, சொந்த ஊர், பொழுதுபோக்கு, சாதனைகள்’ என்றுதான் இருக்கிறது. திருமணத் தகவல் மையத்தின் படிவத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகமில்லை.

அப்படியானால் என்ன எழுதுவது? ஃபிலிம் சொசைட்டிச் செயலாளரின் வேலை அரங்க அனுமதி வாங்குவது, புரொஜெக்டரை உறுதிசெய்வது, நாளும் நேரமும் குறிப்பது, படத்துக்குச் சப்டைட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது. இதில் நேரம் என்பது சிறிய விஷயமே அல்ல. மாலை 5:30க்குத் தொடங்கும் படம் எட்டு மணிக்கு முடியும். மகளிர் விடுதிகளின் கதவு மூடும் நேரத்தை எதிர்த்து இந்த நகரத்தில்தான் 2015இல் ‘பிஞ்ச்ரா தோட்’ இயக்கம் எழுந்தது. விடுதி மாணவியும், மெட்ரோவில் இரண்டு முறை மாறி வீடு போகிற மாணவியும் இடைவேளைக்கு முன்பே எழுந்து போய்விடுகிறார்கள் என்றால், அந்தக் கழகம் யாருக்கானது என்பதை அதன் நேர அட்டவணையே தீர்மானித்துவிட்டது. இதை அறிந்த வேட்பாளரின் தாள் இப்படி இருக்கலாம்:

“ஃபிலிம் சொசைட்டிச் செயலாளர் பதவிக்கு நிற்கிறேன். சென்ற ஆண்டு உறுப்பினராக நான்கு திரையிடல்களுக்கு அரங்க அனுமதிக் கடிதம் எழுதி வாங்கினேன். இரண்டு திரையிடல்கள் கடிதம் தாமதமானதால் நின்றுபோயின. இந்த ஆண்டு பருவத் தொடக்கத்திலேயே நான்கு தேதிகளுக்கும் சேர்த்து அனுமதி கேட்பேன். திரையிடல்களைப் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 5:30க்குள் முடிப்பேன். நான்கில் ஒன்று இந்தியோ ஆங்கிலமோ அல்லாத மொழிப் படம், சப்டைட்டிலுடன். சந்தாவைக் குறைப்பதாகச் சொல்ல மாட்டேன். அது செயலாளரின் கையில் இல்லை. கேள்வி கேட்க விரும்புவோர் மதிய இடைவேளையில் நூலக வாசலில் என்னைப் பார்க்கலாம்.”

இதில் உரிச்சொல் அலங்காரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் இன்னொருவர் மறுக்கலாம். மூன்று மணிக்கு வகுப்பு இருக்கிறதே என்று அறிவியல் மாணவர் சண்டைக்கு வரலாம். வரட்டும், தேர்தல் என்பது அந்தச் சண்டைதான். நின்றுபோன இரண்டு திரையிடல்களைச் சொன்னதால் வாங்கிய நான்கு அனுமதிகளும் நம்பத்தக்கவையாகின்றன.

இதை அப்படியே வகுப்புக் குழுவில் ஒட்டுவதும் தவறு. பலகையின் முன் நிற்பவர் நான்கு தாள்களை ஒப்பிட்டுப் படிக்கிறார். கைபேசியில் முதலில் தெரிவது அறிவிப்பின் ஓரிரு வரிகள் மட்டுமே. அந்த இடத்தை “அனைவருக்கும் வணக்கம்” தின்றுவிடுகிறது. குழுவுக்கான செய்தி, “செயலாளர் பதவிக்கு நிற்கிறேன்: திரையிடல்களை 3 மணிக்குத் தொடங்கி 5:30க்குள் முடிப்பேன்” என்று தொடங்கவேண்டும். முழுத் தாள் எந்தப் பலகையில் இருக்கிறது என்பதை அடுத்த வரியில் சொன்னால் போதும். நிர்வாகிகள் மட்டுமே எழுதக்கூடியபடி குழு பூட்டப்பட்டிருந்தால் எல்லா வேட்பாளர்களின் செய்தியும் ஒரே நாளில் போகவேண்டும். இல்லையேல் வகுப்புப் பிரதிநிதியின் நண்பருக்கு மட்டுமே குழு திறக்கும். பூட்டாத குழுவிலோ, நேரத்தைப் பற்றி ஒருவர் கேட்கும் கேள்வி நண்பர்கள் அனுப்பும் முப்பது வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துபோகும். அதைத் தேடி எடுத்துப் பதில் சொல்வதும் வேட்பாளரின் கடமை.

இத்தகைய தாளை எழுத நல்ல ஆங்கிலம் வேண்டும், முதல் தலைமுறை மாணவர் பின்தங்கிவிடுவார் என்றொரு மறுப்பு வரும். உண்மை தலைகீழானது. ‘தீராத ஆர்வ’த்தை மெருகோடு எழுதுவதற்குத்தான் விலையுயர்ந்த பள்ளி வேண்டும். “நான்கு கடிதம் எழுதினேன், இரண்டு தாமதமாயின” என்பதை உடைந்த ஆங்கிலத்திலும் சொல்லலாம், இந்தியிலும் சொல்லலாம், பொருள் குறையாது. ‘வெறும் கழகத் தேர்தலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா’ என்போருக்கும் ஒன்று சொல்லவேண்டும். அரங்கம் யாருக்கு, எந்த நேரத்தில், எந்த மொழியில் என்பதை அந்தக் கழகம் ஓராண்டு முழுவதும் முடிவுசெய்கிறது. அந்த அதிகாரத்தைப் பின்னொட்டைப் பார்த்து ஒப்படைக்கிறோம்.

தேர்தல் நடத்தும் ஆசிரியர்களிடம் கேட்பது இவ்வளவே. சொந்த ஊரையும் பொழுதுபோக்கையும் படிவத்திலிருந்து எடுங்கள். கழகத்தில் இதுவரை செய்தது, செய்யவிருப்பது, செய்ய இயலாதது என்று மூன்று தலைப்புகளை வையுங்கள். வென்றவரின் தாளை வாக்கு எண்ணிய அன்றே கிழித்தெறியாமல் ஆண்டு இறுதிக் கூட்டம்வரை பலகையிலேயே விட்டுவையுங்கள்.