ரஃப் தாளைக் கிழிச்சுப் போடாதீங்க!



போன வருஷம் நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது வெளியூரில் ஒரு கட்டுரைப் போட்டி நடந்தது. வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிற போட்டி. மழைநீரைப் பற்றி பத்து நாள் உட்கார்ந்து எழுதினேன். அங்கே என் கட்டுரையைப் படித்துப் பார்த்தவர், "இது எட்டாவது படிக்கிற பிள்ளை நடை இல்லையே, யாரும்மா எழுதிக் குடுத்தா?" என்று கேட்டார். "நான்தான் சார் எழுதினேன்" என்றேன். "அப்போ ரஃப் இருக்கா?" என்றார்.

ரஃப் இல்லை. நல்ல தாளில் எழுதி முடித்ததும் மற்ற தாளை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன். எங்க அம்மாச்சி அதை எடுத்து அடுப்புப் பத்தவைத்துவிட்டார்கள். என் கட்டுரையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். மார்க்கே போடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தேன்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தேன். நல்ல தாளில் அழகாக எழுதிய கட்டுரை எதைக் காட்டும்? என் கையெழுத்தை மட்டும்தான் காட்டும். கைடைப் பார்த்துக் காப்பி அடித்தவனுக்கும் சொந்தக் கையெழுத்துதானே இருக்கும்! யோசித்தது யார் என்பதை நல்ல தாள் சொல்லாது. அடித்தல் திருத்தல் உள்ள ரஃப்தான் சொல்லும். அதனால் கட்டுரையோடு ரஃப்பையும் பத்திரமாக வைக்க வேண்டும், ஆசிரியர்களும் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இந்த வருஷம் நான் செய்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

இந்த வருஷத் தலைப்பு 'முல்லைப் பெரியாறு அணை'. நம்ம தேனி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பென்னிகுயிக் படம் இல்லாத வீடு கம்மி. இதற்காக நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தனித் தாள் வைத்தால் காணாமல் போகும். வேண்டியதை மட்டும் எடுத்து, வேண்டாததை ஒளித்துவிட்டான் என்றும் யாராவது சொல்லலாம். தைத்த நோட்டில் பக்கம் கிழித்தால் தெரிந்துவிடும். முதல் நாளே எல்லாப் பக்கத்துக்கும் 1, 2, 3 என்று நம்பர் போட்டேன்.

முதலில் குறிப்பு எடுத்தேன். ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே தேதி, புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், பக்க எண் என்று நாலும் எழுதினேன். நூலகப் புத்தகம் என்றால் அதன் நூலக எண்ணும் சேர்த்து. புத்தகத்தில் இருக்கிற வரியை அப்படியே எழுதினால் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டேன். படித்துவிட்டு என் வார்த்தையில் எழுதினால் குறி கிடையாது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் பத்து நாள் கழித்து நோட்டைத் திறந்தால் எது புத்தகத்து வரி, எது நம்ம வரி என்று நமக்கே தெரியாது. அப்படித்தான் தெரியாமலேயே காப்பி ஆகிவிடுகிறது.

நம்ம பாடத்தில் படித்த ஹெலன் கெல்லருக்கே இது நடந்திருக்கிறது. அவர் 11 வயதில் 'பனி அரசன்' என்று ஒரு கதை எழுதி, பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியின் இயக்குநருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். அது அச்சிலும் வந்தது. பிறகு பார்த்தால், மார்கரெட் கேன்பி என்பவர் முன்பே எழுதிய கதையும் இதுவும் ஒரே மாதிரி இருந்தன. அந்தக் கதையை ஹெலனுக்குச் சின்ன வயதில் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். கதை மனதில் நின்றுவிட்டது, எங்கே கேட்டோம் என்பது மறந்துவிட்டது. 1892-ல் அந்தப் பள்ளியில் எட்டுப் பேர் உட்கார்ந்து அந்தச் சின்னப் பிள்ளையை விசாரித்தார்கள். பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம். கடைசியில் இயக்குநர் அவர் பக்கம் சொன்னதால்தான் தப்பித்தார். ஆனாலும் அதற்குப் பிறகு எதை எழுதினாலும் இது என்னுடையதுதானா என்ற பயம் அவருக்குப் போகவில்லை. எங்கே படித்தோம் என்று எழுதி வைப்பது அடுத்தவர் கேட்டால் காட்டுவதற்கு மட்டும் இல்லை, நமக்கே சந்தேகம் வராமல் இருக்கவும்தான்.

இரண்டாவது, வாயால் சொன்னதையும் எழுதி வைக்கணும். நான் முதல் ரஃப்பில், 'கிழக்கே ஓடிய பெரியாற்றை மேற்கே திருப்பினார்' என்று தலைகீழாக எழுதிவிட்டேன். எங்க தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "ஆறு மேக்க மலையாளத்துப் பக்கம் போயி கடல்ல விழுந்துச்சு தாயி, அதைக் கெழக்க நம்ம பக்கம் திருப்பினதாலதான் ரெண்டு போகம் வெளையுது" என்றார். உடனே அந்த வரியை ஒரே ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில், 'தாத்தா சொன்னது, வீட்டுத் திண்ணையில், சனிக்கிழமை சாயங்காலம்' என்று எழுதி தேதி போட்டேன். பிறகு புத்தகத்தில் பார்த்து, அந்தப் பக்க எண்ணையும் போட்டேன்.

அடிக்கிறது பற்றி ஒன்று சொல்லணும். நாம் எல்லாரும் தப்பு வந்தால் ரப்பரால் அழிப்போம், அல்லது தெரியாதபடி கிறுக்குவோம். அது கூடாது. பேனாவில் எழுதி, ஒரு கோடு மட்டும் போட்டு அடிக்கணும். கீழே இருக்கிற தப்பு படிக்கத் தெரியணும். அந்தத் தப்புதான் நமக்குச் சாட்சி. காப்பி அடிப்பவனுக்கு இப்படித் தப்பு வராது. வந்தாலும் ஒரு எழுத்து விட்டுப்போகும், ஒரு வரி தாவிப்போகும். யோசித்து எழுதுகிறவருக்குத்தான் கருத்தே தப்பாக வந்து, பிறகு மாறும்.

மூன்றாவது ஒரு அடித்தல்தான் என்னைக் காப்பாற்றியது. பென்னிகுயிக் இங்கிலாந்தில் இருந்த தன் சொத்தை விற்று அணை கட்டினார் என்று எல்லாரும் சொல்வோம். நானும் முதல் ரஃப்பில் எழுதினேன். நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்துப் பார்த்தேன். 1886-ல் 999 வருஷத்துக்குக் குத்தகை ஒப்பந்தம் போட்டது, 1895-ல் அணை திறந்தது எல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருந்தது. சொத்து விற்ற கதை ஒன்றில் மட்டும் இருந்தது. அதிலும் எந்த ஆதாரத்தில் சொல்கிறார்கள் என்று இல்லை. அதனால் இரண்டாவது ரஃப்பில் அந்த வரியை அடித்துவிட்டு, 'ஒரு புத்தகத்தில் மட்டும் உள்ளது, ஆதாரம் கிடைத்தால் சேர்க்கலாம்' என்று ஓரத்தில் எழுதினேன். தாத்தாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்த வருஷமும் அதே கேள்வி வந்தது. "யாரும்மா எழுதிக் குடுத்தா?" நான் பேசாமல் நோட்டை நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு அந்த அடித்த வரியில் விரலை வைத்தார். "இதை எல்லாரும் எழுதுவாங்களே, நீ ஏன் அடிச்ச?" என்றார். நான் காரணத்தைச் சொன்னேன். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று நோட்டில் காட்டினேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. "சரிம்மா, போய் உட்காரு" என்றார். எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் என் கட்டுரையை என் கட்டுரையாக எண்ணி மார்க் போட்டார்கள். அது போதும்.

என் தோழி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். "ஏண்டி, கட்டுரையைக் காப்பி அடிச்சிட்டு, அப்புறமா உட்கார்ந்து பொய் ரஃப் எழுதி பழைய தேதி போட்டா என்ன பண்ணுவாங்க?" நல்ல கேள்வி. நாமே போட்ட தேதிக்கு அவ்வளவு மதிப்பு இல்லைதான். அதனால் அடுத்தவர் கை பட்ட தேதி வேண்டும். நான் முதல் ரஃப் முடிந்ததும் தமிழ் டீச்சரிடம் காட்டி, கடைசி வரிக்குக் கீழே கையெழுத்தும் தேதியும் வாங்கினேன். அதற்கு மேலே இடம் விடவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்த தேதி அவர்கள் பதிவேட்டிலும் இருக்கும். டீச்சர் கிடைக்காத லீவு நாளில் அம்மா போனில் பக்கத்தைப் படம் எடுத்து டீச்சருக்கு அனுப்பினேன். அனுப்பிய தேதி இரண்டு போனிலும் இருக்கும். பொய் ரஃப் பார்த்தாலே தெரியும் என்பதும் என் எண்ணம். ஒரே பேனா, ஒரே மூச்சில் எழுதிய எழுத்து, வரிசை மாறாத பத்தி, நல்ல தாளில் இருக்கிறதே அதிலும் இருக்கும்.

ஒன்றை ஒத்துக்கொள்ளணும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினாலும் ரஃப் இருக்கும். அதை நோட்டு மட்டும் காட்டிக்கொடுக்காது. அதற்குத்தான் ஆசிரியர்கள் வாயால் கேட்க வேண்டும். "இதை ஏன் அடிச்ச? இந்தப் பத்தி ஏன் முன்னாடி வந்துச்சு?" என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். எழுதினவருக்கு ஞாபகம் இருக்கும். நோட்டும் கேள்வியும் சேர்ந்தால்தான் நியாயம்.

கடைசியாக ஆசிரியப் பெருமக்களுக்குப் பணிவான ஒரு வேண்டுகோள். சந்தேகம் வந்த பிள்ளையிடம் மட்டும் ரஃப் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லார் முன்னாலும் திருடி மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது. தலைப்புக் கொடுக்கும் அன்றைக்கே, "ரஃப் நோட்டும் சேர்த்துக் கொண்டு வாங்க" என்று எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். நன்றாக எழுதிய ஒரே காரணத்துக்காக யாரும் தலை குனிந்து நிற்க வேண்டி வராது.

எங்க அம்மாச்சிக்கும் சொல்லிவிட்டேன். இப்போது அடுப்புக்குத் தென்னமட்டை மட்டும்தான். என் நோட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி